சராசரிச் சம்பளம் யாருடைய சம்பளம்? தோட்டச் சம்பளப் பட்டியலில் இடையம் பார்க்கும் வழி

ஒரு தேயிலைத் தோட்டத்தில் "ஆளுக்குச் சராசரியாக மாதம் 57,000 ரூபாய்" என்று ஒரு தாளில் எழுதியிருக்கிறது என்று வையுங்கள். லயத்தில் கதவு கதவாகப் போய்க் கேட்டால் அந்தத் தொகையைக் கையில் வாங்கிய ஒருவரும் அகப்படமாட்டார். தாளில் கணக்குப் பிழையும் இல்லை, லயத்துக்காரர்கள் மறைக்கவும் இல்லை. கூட்டி வகுத்த கணக்கு, கூட்டி வகுத்ததற்கு என்ன விடையோ அதைச் சொல்கிறது. நாம்தான் அதை "சாதாரண ஆளின் சம்பளம்" என்று வாசிக்கிறோம்.

ஹட்டன், தலவாக்கலை, பதுளைப் பக்கம் சங்க வேலைக்கோ, ஒரு அமைப்பின் கள ஆய்வுக்கோ, உள்ளூர்ச் செய்தி எழுதுவதற்கோ புதிதாக வருகிறவர்கள் முதலில் முட்டிக்கொள்ளும் இடம் இது. கொழும்பிலிருந்து வரும் அறிக்கையில் ஒரு எண் இருக்கும், தோட்டத்தில் வேறொரு எண் இருக்கும். இரண்டுக்கும் நடுவில் என்ன நடந்தது என்று கண்டுபிடிக்க, சாதாரண தரத்தில் படித்த இடையம், அதாவது வரிசையின் நடு எண், போதும்.

முதலில் பட்டியல்

சம்பளப் பட்டியல் கையில் கிடைத்தால் நல்லது. இல்லாவிட்டால் சம்பளச் சீட்டுகளை வாங்கிப் பார்த்து நீங்களே ஒரு பட்டியல் எழுதலாம். கீழே உள்ளது நான் கணக்குக்காக அமைத்த பட்டியல், எந்தத் தோட்டத்தினுடையதும் அல்ல. நாள் சம்பளம் 1,350 ரூபாய் என்று வைத்திருக்கிறேன். 2021 மார்ச்சில் 1,000 ஆன நாள் சம்பளம் 2024 செப்டெம்பரில் இந்த அளவுக்கு வந்தது. அதற்குப் பின் வந்த உயர்வுகளைப் போட்டுப் பார்த்தாலும் வழி இதேதான்.

கொழுந்து பறிக்கும் ஒன்பது பேர் அந்த மாதம் 8, 12, 14, 16, 17, 18, 20, 22, 24 பேர் போட்டிருக்கிறார்கள், அதாவது அத்தனை நாள் வேலை அவர்களுக்குப் பதிவாகியிருக்கிறது. நாள் சம்பளத்தால் பெருக்கினால்: 10,800, 16,200, 18,900, 21,600, 22,950, 24,300, 27,000, 29,700, 32,400. தொழிற்சாலையில் இரண்டு பேர்: 33,750, 35,100. கங்காணி 38,000. கணக்கப்பிள்ளை 60,000. டீமேக்கர் 140,000. தோட்டத்தை நடத்தும் துரை 350,000. மொத்தம் 15 பேர்.

எழுதும்போதே ஒன்றைத் தீர்மானித்துக்கொள்ள வேண்டும்: பிடித்தங்களுக்கு முன்னா, பின்னா? முன்னால் உள்ள தொகையையே எடுங்கள் என்பேன். சீட்டின் கடைசியில் இருக்கும் தொகையில் சேமலாப நிதிக்கான 8 சதவீதம் போயிருக்கும், சங்கச் சந்தா போயிருக்கும், தீபாவளி முற்பணத்தின் தவணையும் போயிருக்கும். முற்பணம் என்பது வாங்கித் தின்ற கடன். அதைக் கழித்தால் ஒரே உழைப்புக்கு இரண்டு பேருக்கு இரண்டு சம்பளம் வந்ததுபோல் தெரியும். கையில் எவ்வளவு மிஞ்சுகிறது என்பதும் முக்கியமான கேள்விதான், ஆனால் அதைத் தனியாகக் கேட்க வேண்டும். ஒரே பட்டியலில் பாதிப் பேருக்கு முன்தொகையும் பாதிப் பேருக்குக் கைத்தொகையும் கலந்துவிட்டால் அப்புறம் எந்தக் கணக்கும் உதவாது.

இரண்டு எண்களையும் எடுங்கள்

பதினைந்தையும் கூட்டினால் 860,700. பதினைந்தால் வகுத்தால் 57,380. இது சராசரி.

இடையத்துக்குக் கூட்டல் தேவையில்லை. குறைந்த சம்பளத்திலிருந்து கூடிய சம்பளம் வரை எல்லோரையும், காலையில் வேலை பிரிக்கும் பிரட்டுக்களத்தில் வரிசையாக நிறுத்துவதாக நினையுங்கள். 15 பேரில் எட்டாவதாக நிற்பவருக்கு இந்தப் பக்கம் ஏழு பேர், அந்தப் பக்கம் ஏழு பேர். அவருடைய சம்பளம்தான் இடையம்: 29,700. இருபத்திரண்டு நாள் கொழுந்து பறித்த ஒரு பெண்ணின் சம்பளம் அது.

இப்போது 57,380ஐ மறுபடி பாருங்கள். பதினைந்து பேரில் பன்னிரண்டு பேர் அதற்குக் கீழே நிற்கிறார்கள். கங்காணிகூடக் கீழேதான். கணக்கப்பிள்ளை அதைச் சற்றே தாண்டுகிறார். ஐந்தில் நான்கு பேர் எட்டாத தொகையைச் "சராசரி ஆளின் சம்பளம்" என்று எழுதினால் வாசிக்கிறவர் யாரை நினைப்பார்?

துரைக்கு மட்டும் ஒரு லட்சம் கூட்டிப் பாருங்கள். சராசரி 64,047க்கு ஏறும், இடையம் அசையாது. அவரைப் பட்டியலிலிருந்தே எடுத்துவிட்டால் சராசரி 36,479க்கு விழும். இப்போது 14 பேர், நடுவில் ஒருவர் இல்லை, இரண்டு பேர் நிற்கிறார்கள். அப்படி வந்தால் அந்த இருவரின் தொகையைக் கூட்டி இரண்டால் வகுப்பது வழக்கம்: 27,000உம் 29,700உம் சேர்ந்து 28,350. ஒரே ஒரு ஆள் போனதற்குச் சராசரி ஏறக்குறைய 21,000 ரூபாய் விழுந்தது, இடையம் 1,350 ரூபாய், அதாவது ஒரு நாள் சம்பளம், விழுந்தது.

ஒரு நியாயமும் சொல்ல வேண்டும். நிஜத்தில் ஒன்பது பறிப்பாளர்களுக்கு ஒரு துரை இருப்பதில்லை. முந்நூறு தொழிலாளிகளுக்கு ஒரு துரை என்றால், 350,000 வாங்கும் அவர் சராசரியை ஆயிரம் ரூபாய் அளவுக்குத்தான் மேலே இழுப்பார். ஆகவே ஒரு டிவிஷனின் சராசரியைக் கண்டதும் "துரை சம்பளம் கலந்திருக்கிறது" என்று குற்றம் சொல்லிவிடாதீர்கள். தோட்டத்து உத்தியோகத்தர் எல்லோரையும், கொழும்புத் தலைமை அலுவலகத்தையும் சேர்த்து ஒரு கம்பெனிக்கு ஒரே எண் போடும்போதுதான் இடைவெளி பெரிதாகும். அந்த எண் எதைச் சேர்த்துப் போட்டது என்று கேட்கத்தான் வேண்டும்.

இடைவெளி என்ன சொல்கிறது

புதியவர்கள் பலர் இங்கே ஒரு முடிவுக்கு அவசரப்படுகிறார்கள்: சராசரி பொய், இடையம் மெய். அப்படி இல்லை. பறிப்பவர்கள் ஒன்பது பேரை மட்டும் எடுத்துப் பாருங்கள். கூட்டினால் 203,850, சராசரி 22,650. வரிசையில் ஐந்தாமவர் 22,950, அதுதான் இடையம். இரண்டுக்கும் 300 ரூபாய்தான் வித்தியாசம். சராசரி இங்கே யாரையும் ஏமாற்றவில்லை.

ஆகவே இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்பதில்தான் விஷயம் இருக்கிறது. இரண்டும் நெருங்கி இருந்தால் பெரும்பாலும் ஒரே மாதிரி ஆட்களின் பட்டியல் அது. சராசரி வெகுவாக மேலே போயிருந்தால், மேல்பக்கத்தில் சிலர் தொலைவில் நிற்கிறார்கள் அல்லது இரண்டு வகை ஆட்களை ஒன்றாகக் கலந்திருக்கிறார்கள். அப்போது அடுத்த வேலை பட்டியலைப் பிரிப்பது: நாள் சம்பளக்காரர் வேறு, மாதச் சம்பளக்காரர் வேறு. பிரித்த பிறகு ஒவ்வொன்றுக்கும் இடையம் எடுங்கள். பதினைந்து பேரின் இடையம் 29,700 என்றாலும் பறிப்பவர்களின் இடையம் 22,950 என்பதை இப்போதுதான் கண்டோம். "சாதாரண தொழிலாளி" என்று நீங்கள் எழுதும்போது மனதில் இருப்பவர் கொழுந்துக் கூடைக்காரர் என்றால் இரண்டாவது எண்ணைத்தான் எழுத வேண்டும்.

நாடு முழுவதற்கும் இதே இடைவெளி உண்டு. தொகைமதிப்பு புள்ளிவிபரத் திணைக்களத்தின் வீட்டு வருமான, செலவின ஆய்வில் 2016இல் ஒரு வீட்டின் மாத வருமானம் சராசரி 62,237 ரூபாய், இடையம் 43,511. 2019இல் சராசரி 76,414, இடையம் 53,333. இரண்டு முறையும் சராசரி இடையத்தைவிட ஏறக்குறைய 43 சதவீதம் மேலே. 2019இல் தோட்டத்துறை வீடுகளின் சராசரி 46,865. இந்த எண்ணை யாராவது உங்களிடம் காட்டினால் ஒரு விஷயத்தை மறக்கக் கூடாது: இது ஒரு வீட்டின் வருமானம், ஒரு ஆளின் சம்பளம் அல்ல. மனைவி மலையில், கணவன் தொழிற்சாலையில், மகன் கொழும்பில் கடையிலிருந்து அனுப்பும் காசு என எல்லாம் அதில் சேரும். வீட்டு வருமானத்தைத் தொழிலாளியின் சம்பளம் என்று எழுதிவிடுவது பத்திரிகைகளில் அடிக்கடி நடக்கும் தவறு. தலா வருமானத்தைச் சம்பளமாக எழுதுவது அதைவிட மோசம்.

நாள் சம்பளத்தை 25ஆல் பெருக்காதீர்கள்

இது தோட்டத்துக்கே உரிய பொறி. 1,350ஐ 25ஆல் பெருக்கினால் 33,750 வரும். விவாதங்களில் இப்படிப் பெருக்கிய தொகை தொழிலாளியின் மாதச் சம்பளமாகவே உலவும். நம் பட்டியலில் பறிப்பவர் ஒன்பது பேரில் ஒருவரும் அதைத் தொடவில்லை. பிரட்டுக்குப் போனால் மட்டும் பேர் விழுந்துவிடாது. நோர்ம் என்று வைத்திருக்கும் கிலோ வராவிட்டால் அரைப்பேர்தான். மழை, பனி, கொழுந்து வராத வறண்ட மாதம், பிள்ளைக்குக் காய்ச்சல், வேலையே கொடுக்காத நாட்கள் எல்லாம் பேரைக் குறைக்கும். மறுபக்கம், நோர்முக்கு மேல் பறித்த கிலோவுக்கான காசும் கைக்காசும் சிலருக்குச் சேரும். நம் பட்டியலில் அவற்றை நான் சேர்க்கவில்லை, உங்கள் பட்டியலில் சேருங்கள்.

அதனால் ஒவ்வொரு ஆளுக்கும் இரண்டு எண் எழுதிவையுங்கள், ஒன்று மொத்தச் சம்பளம், மற்றது போட்ட பேர். பேருக்கும் இடையம் எடுங்கள். நம் ஒன்பது பேரில் அது 17. நாள் சம்பளம் ஏறியும் மாதச் சம்பளத்தின் இடையம் ஏறாவிட்டால் காரணம் அநேகமாக இந்த 17இல்தான் இருக்கும்.

மாதத்தையும் கவனியுங்கள். மேற்கு மலைச் சரிவில் ஏப்ரல், மே மாதங்களில் கொழுந்து குவியும், ஆண்டின் முதல் மாதங்களில் வறட்சியில் குறையும். ஊவாப் பக்கம் காலம் வேறு. குவியும் மாதத்துச் சீட்டு ஒன்றை மட்டும் வைத்து எழுதினால் ஆண்டு முழுவதற்கும் பொய் எழுதியதாகும். கூடிய மாதம் ஒன்று, குறைந்த மாதம் ஒன்று என்று இரண்டையாவது எடுத்துத் தனித்தனியாகக் காட்டுங்கள்.

கணினியில் போடும்போது

தொகைகள் B2 முதல் B16 வரை இருந்தால்:

```
=AVERAGE(B2:B16)
=MEDIAN(B2:B16)
=COUNT(B2:B16)
```

மூன்றாவது வரிதான் உங்களைக் காப்பாற்றும். நம் ஊரில் தொகையை 27,000/= என்று எழுதும் பழக்கம் உண்டு. அப்படியே தட்டினால் கணினிக்கு அது எண் அல்ல, எழுத்து. பிழை என்று சொல்லாமல் அந்த ஆளை விட்டுவிட்டுக் கணக்குப் போட்டுவிடும். COUNT 15க்குப் பதிலாக 13 காட்டினால் இரண்டு பேர் காணாமல்போயிருக்கிறார்கள் என்று தெரிந்துகொள்ளலாம்.

வெற்றுக் கட்டமும் சுழியமும் ஒன்றல்ல. அந்த மாதம் ஒரு பேரும் போடாதவரின் கட்டத்தை வெறுமையாக விட்டால் அவர் கணக்கில் இல்லை. 0 என்று எழுதினால் இருக்கிறார், இடையமும் கீழே இறங்கும். எது சரி? பிரசவ விடுப்பில் இருப்பவரை விடலாம். பிரட்டுக்கு வந்தும் வேலை கிடைக்காமல் திரும்பியவரை விடக் கூடாது என்பது என் எண்ணம். எப்படிச் செய்தீர்கள் என்பதை எண்ணுக்குக் கீழே ஒரு வரி எழுதிவிடுங்கள்.

இரண்டு டிவிஷனின் இடையங்களைக் கூட்டி இரண்டால் வகுத்துத் தோட்டத்தின் இடையம் என்று போடாதீர்கள். அது எதனுடைய நடுவும் அல்ல. இரண்டு பட்டியலையும் ஒன்றாக்கி மறுபடி வரிசைப்படுத்தினால்தான் சரி.

சம்பளம் சொல்லத் தயங்கினால்

பட்டியல் கிடைக்காது, சீட்டுக் காட்டவும் வெட்கப்படுகிறார்கள் என்றால் வீச்சாகக் கேளுங்கள். உதாரணத்துக்கு 41 பேரிடம் கேட்டதில் 20,000க்குக் கீழ் 9 பேர், 20,000 முதல் 30,000க்குள் 16 பேர், 30,000 முதல் 40,000க்குள் 10 பேர், 40,000உம் அதற்கு மேலும் 6 பேர் என்று வந்தால், நடுவில் நிற்பவர் 21ஆம் ஆள். முதல் ஒன்பது பேர் போக, அவர் இரண்டாவது வீச்சுக்குள் 12ஆமவராக நிற்கிறார். ஆகவே இடையம் 20,000க்கும் 30,000க்கும் இடையில். அந்த அளவோடு நிறுத்திக்கொள்ளலாம்.

சராசரியை இந்தத் தாளிலிருந்து எடுக்கவே முடியாது, ஏனென்றால் கடைசி ஆறு பேர் 45,000 வாங்குகிறார்களா நான்கு லட்சமா என்று தெரியாது. மேலே இருப்பவர் வாயைத் திறக்காவிட்டாலும் இடையம் வந்துவிடும் என்பது தோட்டம் போன்ற இடத்தில் சின்ன வசதி அல்ல.

இடையமும் ஏமாற்றும் இடம்

பழைய பட்டியலுக்கு வாருங்கள். 8, 12, 14 பேர் போட்ட மூன்று பேரும் தோட்டத்தில் பேர் பதிவதை விட்டுவிட்டுப் பக்கத்து மரக்கறித் தோட்டங்களுக்கு நாட்கூலிக்குப் போய்விட்டார்கள் என்று வையுங்கள். மிச்சம் 12 பேர். ஆறாமவர் 32,400, ஏழாமவர் 33,750, நடுவெடுத்தால் 33,075. போன மாதம் 29,700ஆக இருந்த இடையம் 11 சதவீதத்துக்கு மேல் ஏறிவிட்டது. யாருக்கும் ஒரு ரூபாய்கூடக் கூடவில்லை. கீழே நின்றவர்கள் வரிசையிலிருந்து போனார்கள், அவ்வளவுதான்.

தோட்டங்களில் பதிவுத் தொழிலாளரின் எண்ணிக்கை குறைந்துகொண்டே வந்திருக்கிறது. ஆகவே பழைய ஆண்டையும் புதிய ஆண்டையும் ஒப்பிடும் எந்த அட்டவணையிலும் இடையத்தின் பக்கத்தில் ஆட்கணக்கைத் தேடுங்கள். அது இல்லாவிட்டால் இரண்டு ஆண்டிலும் இருந்த அதே ஆட்களை மட்டும் எடுத்து ஒப்பிட்டுப் பார்க்கலாம்.

இன்னொன்று, இடையம் நடு ஆளைச் சொல்லும், கீழே இருப்பவரைச் சொல்லாது. 8 நாள் போட்டவர் 4 நாள் போட்டாலும் அது அசையாது. அதற்குக் கால்பங்கு இடத்தையும் குறித்துவைக்கலாம். 15 பேரில் நான்காமவர் 21,600, பன்னிரண்டாமவர் 38,000. "நடு ஆளுக்கு 29,700, நடுப்பாதிப் பேர் ஏறக்குறைய 21,600க்கும் 38,000க்கும் இடையில்" என்று எழுதினால் வாசிக்கிறவருக்குப் பட்டியலின் உருவமே தெரிந்துவிடும்.

வேலை தேடுகிறவர்கள் இதை எப்படிக் கேட்பது

ஹோட்டல் வேலைக்கோ ஆடைத் தொழிற்சாலைக்கோ ஆள் எடுக்க வருகிறவர் "எங்களிடம் சராசரிச் சம்பளம் இவ்வளவு" என்றால், "சரி, நான் சேரப்போகும் இதே வேலையில் இருப்பவர்களில் பாதிப் பேர் போன மாதம் எந்தத் தொகைக்கு மேல் வாங்கினார்கள்? ஓவர்டைம் இல்லாமல் எவ்வளவு?" என்று கேளுங்கள். பதில் தெரிந்தவர் சொல்லிவிடுவார். முகாமையாளரையும் சேர்த்துக் கூட்டி வகுத்தவருக்குச் சொல்லக் கஷ்டமாயிருக்கும்.

சராசரியைத் தூக்கிப் போடவும் வேண்டாம்

மொத்தப் பணம் எவ்வளவு என்பது கேள்வியானால் சராசரிதான் உதவும். அந்தப் பதினைந்து பேரும் ஒரு மரண உதவிச் சங்கம் வைத்துச் சம்பளத்தில் 1 சதவீதம் போடுவதானால் மாதம் 8,607 ரூபாய் சேரும். சராசரியின் 1 சதவீதத்தைப் பதினைந்தால் பெருக்கினால் அதே தொகை வரும். இடையத்தை வைத்துத் திட்டமிட்டால் 4,455தான் சேரும் என்று நினைத்திருப்பீர்கள். ஆனால் சதவீதம் வேண்டாம், ஆளுக்கு ஒரே தொகையாக 500 போடலாம் என்று யாராவது சொன்னால் மறுபடி வரிசையைப் பார்க்க வேண்டும்: நடு ஆளுக்கு அது 1.7 சதவீதம், துரைக்கு 0.14, எட்டு நாள் பேர் போட்டவருக்கு 4.6.